மிளகுக் கடையின் எட்டு இலட்சம்

மாத்தளையில் மிளகு வாங்கி விற்கும் ஒரு கடையை எண்ணிக்கொள்வோம். இவ்வருட விற்பனை 100 இலட்சம் ரூபாய். அடுத்த வருடம் 130. சரக்கு, வரவேண்டிய பாக்கி, கைக்காசு எல்லாம் விற்பனையில் பாதி என்றால், மேலும் 15 இலட்சம் முடங்கும். தோட்டக்காரருக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி விற்பனையில் 10 வீதம். அதுவும் கூடவே வளர்ந்து 3 இலட்சத்தைத் தாங்கும். இலாபம் 6 வீதம். அதைக் கூடுதலான 30க்கு மட்டுமல்ல, முழு 130க்கும் கணக்கிடுகிறோமே, அந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 7.8 இலட்சம் வரும். பாதி வீட்டுக்குப் போனால் 3.9 மிஞ்சும். ஆக, வெளியே தேடவேண்டியது 8.1 இலட்சம்.

கடையின் உலர்த்தும் இயந்திரம் மட்டும் இப்படி விற்பனை வீதப்படி வளராது. இருப்பது முழு அளவில் ஓடிக்கொண்டிருந்தால் இன்னொன்றை முழுதாகவே வாங்கவேண்டும். அந்தத் தொகையைத் தனியே கூட்டவேண்டும். அறுவடை மாதங்களில் குவியும் சரக்கையும் வருடக் கடைசிக் கணக்கு காட்டாது.