ஓடக்காரருக்குக் கூலி கொடுத்தது யார்?

பாலம் திறக்கப்படுவதற்கு முந்தைய மாலை, ஓடக்காரர் தம் வாடிக்கைப் பயணிகளைக் கடைசியாக ஒருமுறை அக்கரை சேர்க்கிறார். பால்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், பள்ளிப் பிள்ளைகள் கையசைக்கிறார்கள், துடுப்பு ஆற்றோடு போகிறது. இந்தக் கதை நம் மொழியில் ஒரு வார்ப்பாகவே இறுகிவிட்டது. இதை விளக்க வருகிற விமர்சனமும் இறுகியதுதான்: ஆறு என்றால் பிறவி, மறுகரை என்றால் விடுதலை, ஓடக்காரர் என்றால் குரு. இந்த வாசிப்பு ஓடக்காரரைக் கௌரவிப்பதுபோல் தோன்றினாலும் அவரைக் கதையிலிருந்து வெளியேற்றிவிடுகிறது. ஓடம் ஒரு தொழில். அதற்குக் கூலியை யார், எப்படித் தருகிறார் என்பதில்தான் அவருக்கும் பயணிக்கும் உள்ள உறவு நிற்கிறது. கடைசிப் பயணத்துக்குப் பொருள் தருவதும் அதுவே.

கூலியை மறைக்கும் வழக்கம் பழையது. கம்பனின் குகன் ஆயிரம் ஓடங்களுக்குத் தலைவன். அவனிடம் ஓடக்கூலி பேசுவது அபத்தம். துளசிதாசரின் ஓடக்காரர் சீதை தரும் மோதிரத்தையே மறுக்கிறார். திருக்கொள்ளம்பூதூரில் வெள்ளத்துக்கு அஞ்சி ஓடக்காரர்கள் விலகிவிட, சம்பந்தரின் பதிகமே ஓடத்தைச் செலுத்துகிறது. அங்கே தொழிலாளியே தேவையில்லை. பக்திக்கு இது அழகு, சரி. ஆனால் ஹெர்மன் ஹெஸ்ஸே 1922இல் ‘சித்தார்த்தா’வின் வாசுதேவனை நதியிடம் பாடம் கேட்கும் ஞானியாக்கியபோது, அந்த அழகு நவீன உரைநடைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. மாணிக் பந்தோபாத்யாயின் ‘பத்மா நதியின் படகோட்டி’ (1936) மாற்றாகச் சொல்லப்படுவதுண்டு. அதன் குபேர் மீனவன். சொந்தப் படகில்லாமல் பங்குக்கு உழைப்பவன். அவன் வறுமை உண்மையானது, ஆனால் அவனுக்கு வாடிக்கைப் பயணிகள் இல்லை.

உண்மையான மாற்று சீனத்தில் இருக்கிறது. ஷென் சோங்வென் 1934இல் எழுதிய ‘எல்லைப்புற நகரம்’ என்ற குறுநாவலின் கிழவர் மேற்கு ஹுனானில் சாதோங் என்ற ஊரருகே ஒரு சிற்றாற்றில் ஐம்பது ஆண்டுகளாக ஓடம் இழுப்பவர். துடுப்புகூட அதிகம் வேண்டாம். இரு கரைக்கும் குறுக்கே கட்டிய வடத்தைக் கையால் பற்றி இழுத்தால் ஓடம் நகரும். அது பொது ஓடம். ஊர் அவருக்கு அரிசியும் சிறிது காசும் தருகிறது, ஆகவே பயணியிடம் வாங்கமாட்டார். காசை விட்டுவிட்டு நடந்த காகித வியாபாரி ஒருவரைத் துரத்திப் பிடித்து, அதைக் கையில் திணித்து, போதாக்குறைக்கு அவர் சுமையில் புகையிலைக் கட்டு ஒன்றையும் வைத்து அனுப்புகிறார். துளசியின் ஓடக்காரரும் மறுத்தார், இவரும் மறுக்கிறார். முன்னவர் மறுப்பு பக்தி. இவருடையது ஏற்கெனவே ஊதியம் வாங்கிவிட்ட தொழிலாளியின் மானம். அந்த மானத்துக்கு ஒரு விலையும் உண்டு. பொது ஓடத்தில் யாரையும் ஏற்றமாட்டேன் என்று சொல்ல முடியாது. துறைத் தலைவரின் மூத்த மகன் ஆற்றில் மூழ்கி இறந்தபின், பேத்தியின் கல்யாணப் பேச்சைக் கிழவர் வளைத்து வளைத்து இழுத்தடித்ததே காரணம் என்று இளையவன் கருதுகிறான். அவனையும் கிழவர்தான் அக்கரை சேர்க்கவேண்டும், அந்த வெறுப்பின் எதிரே நின்று வடம் இழுத்தபடி. இத்தனை பயணங்களை எழுதிய ஷென், கடைசிப் பயணத்தை மட்டும் எழுதவில்லை. ஒரு புயலிரவில் கிழவர் உறக்கத்தில் இறக்கிறார், ஓடத்தை வெள்ளம் கொண்டுபோகிறது. எது கடைசி என்று பயணிகளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நம் கதைகளின் கையசைப்பு இதன் முன்னால் மலிவாகத் தெரிகிறது.

பாலம் வந்து தொழில் அழிவதும் உண்மைதானே, அந்த இழப்புக்கு அழக்கூடாதா என்று கேட்கலாம். அழலாம், யார் இழந்தார்கள் என்று தெரிந்தபின். இஸ்மாயில் கதாரேயின் ‘மூன்று வளைவுப் பாலம்’ (1978) பதினான்காம் நூற்றாண்டு அல்பேனியாவில் நடக்கிறது. அங்கே பாலத்தை எதிர்ப்பது ஏழை ஓடக்காரர் அல்ல, ஆற்றைக் கடக்கும் வருமானத்தைத் தன் கையில் வைத்திருக்கும் ஓட நிறுவனம். நம் துறைகளும் இதற்கு விலக்கல்ல. பல இடங்களில் அவை ஏலத்தில் போனவை. குத்தகைதாரர் ஒருவர், துடுப்புப் பிடிப்பவர் இன்னொருவர். பாலம் கேட்டு மனுக் கொடுத்தவர்களும் பெரும்பாலும் அதே வாடிக்கைப் பயணிகள்தான்: வெள்ளத்தில் பிரசவத்துக்குப் போக வழியில்லாதவர்கள், மழைக்காலத்தில் பள்ளியை விட்டவர்கள். அந்த மனுவில் கையெழுத்திட்ட பால்காரம்மா கடைசி நாளில் ஓடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அவர் கண்ணீருக்கு எடை வருகிறது. நம் கதைகளோ அவரிடமிருந்து அந்தக் கையெழுத்தைப் பறித்துவிட்டுக் கண்ணீரை மட்டும் விட்டுவைக்கின்றன.

சிறுகதையில் இத்தனைக்கும் இடமேது என்பது அடுத்த ஆட்சேபம். குத்தகைத் தொகையும் மனுவும் நான்கு வரியில் அடங்கும். ஆற்றின் மேல் விழும் அந்தி வெயிலுக்கு நம் எழுத்தாளர்கள் ஒதுக்கும் பத்தியைவிட அது குறைவு. அடுத்து இந்தக் கதையை எழுதப்போகிறவர் அந்தப் பத்தியை வெட்டிவிட்டு, ஓடம் யாருடையது, பயணிகளில் யார் இன்னும் பாக்கி வைத்திருக்கிறார் என்பதை எழுதட்டும்.