கோட்டின் நுனி

தரவுத்தள வரைபடத்தில் எல்லோரும் பெட்டிகளைத்தான் முதலில் படிப்பார்கள். எனக்குக் கோட்டின் நுனிகள்தான் பிடிக்கும். நூலகத்துக்கான படம் ஒன்று. ‘உறுப்பினர்’ பெட்டியிலிருந்து ‘இரவல்’ பெட்டிக்கு ஒரு கோடு. உறுப்பினரிடமிருந்து கிளம்பினால் மறுமுனையைத்தான் பார்க்க வேண்டும். அங்கே ஒரு வட்டம், அதையடுத்து மூன்றாகப் பிரியும் காக்கைக்கால். ஒருவர் புத்தகமே எடுக்காமலும் இருக்கலாம், எத்தனை முறையும் எடுக்கலாம். இரவலிலிருந்து திரும்பி வந்தால் உறுப்பினர் பக்கம் இரண்டு குறுக்குக் கோடுகள்: ஒவ்வோர் இரவலுக்கும் கட்டாயம் ஓர் ஆள், ஒரே ஆள்.

உள்பக்கக் குறுக்குக் கோட்டுக்குப் பதில் வட்டம் இருந்தால் கதை மாறிவிடும். யார் எடுத்தார் என்றே தெரியாத இரவலையும் அட்டவணை ஏற்கும். `member_id` காலியாகவே கிடக்கும். படத்தில் இந்தச் சின்ன வட்டத்தைத்தான் முதலில் தேடுங்கள்.