மணிவிழாத் திரையில் பெட்டிப் படங்கள்

திருப்பத்தூர், காரைக்குடிப் பக்கம் மணிவிழா, சதாபிஷேகம் நடக்கும் வீடுகளில் ஐந்து நிமிடப் படம் ஒன்று திரையில் ஓடுவதைப் பார்க்கிறோம். செருப்புப் பெட்டியில் கிடந்த பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றையும் மெல்ல நெருங்கியோ பக்கவாட்டில் நகர்த்தியோ காட்டி, கூடவே ஒரு பாட்டையும் ஓடவிடுகிறார்கள். பார்ப்பவர்களின் கண்ணீர் உண்மையானது. அந்தக் கண்ணீருக்கு ஈடாகப் படம் செய்யப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்த உத்தி அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸின் பெயரால் அறியப்படுகிறது. 1990இல் வந்த அவருடைய ‘த சிவில் வார்’ தொடர் அதைப் பரப்பியது. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1957இல் எடுத்த ‘சிட்டி ஆஃப் கோல்ட்’ அதற்கு முன்னோடி. நம் கண் எதை முதலில், எதைப் பிறகு பார்க்க வேண்டும் என்று நகர்வே அங்கே முடிவு செய்கிறது.

ரங்கூன் ஸ்டூடியோவில் எடுத்த, நான்குக்கு ஆறு அங்குல நிமிர்ந்த படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அய்யா நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் ஆச்சி நிற்கிறார். அவர் விரலைப் பிடித்தபடி ஒரு குழந்தை. செயலியின் போக்கில் விட்டால் அது படத்தின் நடுவை நோக்கிப் போய் நாற்காலிக் கைப்பிடியில் முடியலாம். கருத்தோடு செய்பவர் குழந்தையின் பிடியில் தொடங்கி, ஆச்சியின் முகத்துக்கு ஏறி, அங்கே நிறுத்துவார். இத்தனை காலம் அய்யாவின் படமாக இருந்தது ஆச்சியின் படமாகிவிடும். இந்த வடிவத்தின் பெரும் பலம் இதுதான்.

ஆனால் அந்த நெருக்கத்துக்குப் படம் தாங்க வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் அகலம் 1200 புள்ளிதான், எச்.டி. திரைக்கு 1920 வேண்டும். நெருங்கும் முன்பே படம் இழுபட்டுவிடுகிறது. 1200 வீதம் எடுத்தால் 4800 கிடைக்கும், அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வரை தயங்காமல் நெருங்கலாம். நகர்வின் கடைசி நொடியில் நிறுத்திப் பாருங்கள்: கண் இமை கரைந்திருந்தால் அவ்வளவு தூரம் போகக்கூடாது. அகலத் திரையை நிரப்ப நிமிர்ந்த படத்தை வெட்டுவது இன்னொரு தவறு. அட்டையின் அடியில் அச்சிட்ட ஸ்டூடியோ பெயரும் ஊரும்தான் முதலில் போகும். எங்கே எடுத்த படம் என்பதற்கு வீட்டில் வேறு சான்று இல்லாமலும் இருக்கலாம்.

எல்லாப் படமும் ஒரே வேகத்தில் நகர்வதைத்தான் நான் பெருங்குறையாக நினைக்கிறேன். ஐந்து நிமிடத்தில் நூறு படம் என்றால் ஒன்றுக்கு மூன்று நொடி. முகம் தேடுவதற்குள் மறைந்துவிடும். முப்பது படம் போதும், பத்து நொடி கிடைக்கும். குழுப் படங்களை அசைக்கவே வேண்டாம், கண் தானே தேடிக்கொள்ளும். பாட்டோ, படம் பேசும் முன்பே அழச் சொல்கிறது. அதற்குப் பதில், பெட்டியைக் கிளறியபடி அப்பத்தா ஒவ்வொருவராகப் பெயர் சொல்வதைப் போனில் பதிந்து சேர்க்கலாம். முதலில் இழக்கப்போவது அந்தக் குரலைத்தான்.

படம் தயாரானதும் பெட்டியை எறிந்துவிடாதீர்கள். பின்புறங்களையும் ஸ்கேன் செய்து, மென்மையான பென்சிலால் பெயரும் ஊரும் எழுதி வையுங்கள்.