ஒன்பது மணி எட்டு நிமிடம்: ஒரே ஒரு விலை எப்படிப் பிறக்கிறது, எங்கே சறுக்குகிறது

2024 அக்டோபர் 29 அன்று எங்கள் பேட்டை கம்பெனி ஒன்று தன் பட்டத்தை இழந்தது. திருவொற்றியூரில் பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கிய எம்ஆர்எஃப்தான் அதுவரை இந்தியாவின் விலை உயர்ந்த பங்கு, ஒன்று ஏறக்குறைய 1.2 லட்சம் ரூபாய். அன்று எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற, பலரும் கேள்விப்படாத பங்கு, பிஎஸ்இ-யில் 2,36,250 ரூபாய்க்குப் போய் நின்றது. அதற்கு முன் கடைசியாகக் கைமாறிய விலை 3 ரூபாய் 53 காசு.

சாயங்காலமே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது: "ஒரு லட்சம் போட்டவன் ஒரே நாளில் 670 கோடிக்கு அதிபதி". கணக்கு என்னவோ சரிதான். ஆனால் இது நடக்காத கதை. ஏன் நடக்காது என்று புரிய, தினமும் காலை 9 மணிக்கு நடக்கும் ஒரு சின்ன ஏலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அதைப் பற்றி எனக்கு ஒரு பாராட்டும் இரண்டு குறைகளும் உண்டு.

ஏலம் என்றால் எந்த ஏலம்?

காசிமேட்டில் விடிவதற்கு முன் மீன் ஏலம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூடைக்குக் கூடை விலை மாறும். முதல் கூடை எடுத்தவர் ஒரு விலை, பத்தாவது கூடை எடுத்தவர் வேறு விலை. 9.15-க்கு மேல் நடக்கும் சாதாரணப் பங்கு வியாபாரமும் இப்படித்தான்: வாங்குபவரும் விற்பவரும் ஒத்துவந்த நொடியில் ஒரு வியாபாரம், அதற்கு ஒரு விலை.

காலையில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ராத்திரி முழுக்கச் சேர்ந்த செய்தி எல்லாம் முதல் நொடியில் மோதும். யாரோ ஒருவர் அவசரத்தில் போட்ட ஆர்டர், அன்றைய தொடக்க விலையையே தீர்மானித்துவிடும். அதைத் தடுக்கத்தான் செபி 2010 அக்டோபர் 18 முதல் சென்செக்ஸ், நிஃப்டி பங்குகளுக்கு முன்-திறப்பு ஏலத்தைக் கொண்டுவந்தது. 2013 ஏப்ரல் முதல் மற்ற பங்குகளுக்கும் விரிந்தது. 9.00 முதல் 9.08 வரை ஆர்டர் சேகரிப்பு மட்டும். போடலாம், மாற்றலாம், ரத்தும் செய்யலாம், ஆனால் எதுவும் கைமாறாது. பிறகு கணக்கு போட்டு, எல்லாருக்கும் சேர்த்து ஒரே விலை. 9.12 முதல் 9.15 வரை இடைவேளை.

கணக்கு

விதி எளிமையானது: எந்த விலையில் அதிகப் பங்குகள் கைமாறுமோ, அதுவே தொடக்க விலை. ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். (விலை, எண்ணிக்கை) என்று படியுங்கள்.

```python
buys  = [(105,100),(102,200),(100,300),(98,400)]
sells = [(97,150),(100,200),(102,250),(104,300)]

def vol(p):
    d = sum(q for x,q in buys  if x >= p)
    s = sum(q for x,q in sells if x <= p)
    return min(d, s)

for p in (97,98,100,102,104,105):
    print(p, vol(p))
```

100 ரூபாயை மட்டும் கையால் போட்டுப் பார்ப்போம். 105 தரத் தயாராக இருப்பவர் 100-க்குக் கிடைத்தால் வேண்டாம் என்பாரா? ஆகவே 100-ம் அதற்கு மேலும் சொன்ன எல்லாரும் வாங்கும் பக்கம்: 100 + 200 + 300 = 600. அதேபோல 97-க்கே விற்கத் தயாராக இருப்பவர் 100-ஐ மறுக்க மாட்டார். விற்கும் பக்கம்: 150 + 200 = 350. இரண்டில் சின்னதுதான் கைமாறும், அதாவது 350. இதையே 102-ல் போட்டால் 300, 98-ல் 150, 104-ல் 100. ஆக 100-தான் விலை.

105 சொன்னவர் 100 மட்டும் கொடுக்கிறார், 97-க்கு விற்க வந்தவருக்கும் 100 கிடைக்கிறது. அவசரப்பட்டவர் யாரும் தண்டிக்கப்படுவதில்லை. இதைத்தான் பாராட்டு என்றேன். 100 சொன்ன 300-ல் 50-க்குத்தான் சரக்கு இருக்கிறது. யார் முதலில் ஆர்டர் போட்டாரோ அவருக்கு அந்த 50 போகும். மிச்சம் 9.15-க்குத் தொடங்கும் சாதாரணச் சந்தைக்கு நகரும்.

இரண்டு விலைகளில் ஒரே அளவு கைமாறினால், எதில் மிச்சம் நிற்பது குறைவோ அது. அதுவும் சமமானால், நேற்றைய முடிவு விலைக்கு அருகில் இருப்பது. இந்தக் கடைசி விதியை மனதில் வையுங்கள். கணக்குக்கு வேறு வழியே தெரியாதபோது அது நேற்றைய விலையின் கையைப் பிடித்துக்கொள்கிறது.

முதல் குறை: ரத்து செய்யும் உரிமை

இந்த எட்டு நிமிடமும் திரையில் ஒரு உத்தேச விலை ஓடும். என்எஸ்இ பக்கத்தில் `IEP` என்ற தலைப்பின் கீழ் இருக்கும். "ப்ரீ-ஓப்பன்ல நாலு பர்சென்ட் ஏறியிருக்கு, வாங்கிடலாமா?" என்று ஆபீஸில் கேட்பவர்கள் பார்ப்பது இதைத்தான். அது விலை கிடையாது. இந்த நொடியோடு சேகரிப்பு நின்றால் என்ன விலை வரும் என்ற ஊகம் மட்டுமே.

மேலே உள்ள பட்டியலில் 102-க்கு 250 விற்க நிற்பவர் ஒரு விளையாட்டு ஆடுகிறார் என்று வைப்போம். வேறொரு கணக்கிலிருந்து, விலை சொல்லாமல் 300 வாங்க ஒரு மார்க்கெட் ஆர்டர் போடுகிறார். விலை சொல்லாத ஆர்டர் எந்த விலைக்கும் சம்மதம் என்பதால் எல்லாப் படியிலும் 300 கூடுகிறது. இப்போது 102-ல் வாங்க 600, விற்க 600. உத்தேச விலை 100-லிருந்து 102-க்குத் தாவும்.

இதைப் பார்த்து, ஏறுகிறது என்று நம்பி, இரண்டு பேர் ஆளுக்கு 100 மார்க்கெட் ஆர்டர் போடுகிறார்கள். ஏழாவது நிமிடம் நெருங்கும்போது நம்மாள் தன் 300-ஐ ரத்து செய்துவிடுகிறார். இனி 102-ல் வாங்க 500, விற்க 600, கைமாறுவது 500. 100-ல் கைமாறுவது அதே 350-தான். விலை 102-லேயே நிற்கும். முதல் இரண்டு விற்பவர்களின் 350 போக, நம்மாளின் 150 பங்கு 102-க்கு விற்றுப்போகும். விளையாட்டு இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றுகூட விற்றிருக்காது. சூத்திரம் கடைசிவரை சரியாகவே வேலை செய்தது, அதற்குள் போன ஆர்டர்கள்தான் பொய்.

இதற்கு எதிராக நம் விதியில் இருக்கும் காவல், எட்டாவது நிமிடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் சேகரிப்பு மூடப்படும் என்பது. கடைசி நொடிவரை காத்திருந்து ரத்து செய்ய நினைத்தால் மாட்டிக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் அது கடைசி ஒரு நிமிடத்தை மட்டுமே காக்கிறது. முதல் ஏழு நிமிடம் யார் எதை வேண்டுமானாலும் காட்டி, செலவில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஷாங்காய், ஷென்சென் சந்தைகளில் 9.15 முதல் 9.25 வரை இதே மாதிரி ஏலம். 9.20-க்குப் பிறகு ஆர்டர் போடலாம், ரத்து செய்ய முடியாது. அங்கே கடைசி ஐந்து நிமிடம் திரையில் தெரியும் ஒவ்வொரு ஆர்டருக்கும் பின்னால் பணம் நிற்கிறது. நம்மிடம் கடைசி மூன்று நிமிடத்துக்காவது இந்தப் பூட்டு இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதுவரை நாம் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, உத்தேச விலையை மட்டும் பார்க்காமல் கைமாறும் எண்ணிக்கையையும் பார்ப்பது. விலை பெரிதாக நகர்ந்து எண்ணிக்கை சொற்பமாக இருந்தால், அல்லது மூடும் நேரத்தில் எண்ணிக்கை திடீரென்று சரிந்தால், அந்த விலைக்கு அடித்தளம் இல்லை. இரண்டு, மார்க்கெட் ஆர்டர் போடாமல் விலையோடு போடுவது. இந்த ஏலத்தில் லிமிட் ஆர்டர்கள் முதலில் தங்களுக்குள் பொருத்தப்படும், மிச்சம் இருந்தால்தான் மார்க்கெட் ஆர்டருக்கு. மேலே அந்த இரண்டு பேரும் 100 என்று லிமிட் போட்டிருந்தால் விலை 100-லேயே நின்றிருக்கும், 102 கொடுத்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது குறை: வேலிக்குள் தேடுவது

இப்போது எல்சிட்டுக்கு வருவோம். ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகளைக் கையில் வைத்திருக்கும் கம்பெனி. மொத்தமே 2 லட்சம் பங்கு, அதில் முக்கால்வாசி நிறுவனர் தரப்பிடம். புத்தக மதிப்பு பங்குக்கு ஏறக்குறைய 5.85 லட்சம் ரூபாய். சந்தை விலை 3.53. நிறுவனர்களே ஒரு சமயம் பங்குக்கு 1,61,023 ரூபாய் தருகிறோம், சந்தையிலிருந்து விலக்கிக்கொள்கிறோம் என்று கேட்டும் பொதுப் பங்குதாரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் 3.53-க்கு விற்பார்களா?

நம் `vol(p)`-ஐ இங்கே ஓட்டிப் பாருங்கள். விலை ஒரு நாளில் சில சதவீதத்துக்கு மேல் நகரக்கூடாது என்று வேலி. வேலிக்குள் இருக்கும் எந்த விலையிலும் விற்பவர் இல்லை. வாங்க ஆயிரம் பேர் நின்றாலும் `min(d, s)` பூஜ்யம்தான். எல்லாப் படியிலும் பூஜ்யம் என்றால் விலை பிறக்காது, நேற்றைய விலையே தொங்கிக்கொண்டிருக்கும். அந்த 3.53 பல நாளாக யாரும் ஒத்துக்கொள்ளாத எண். "ஒரு லட்சம் போட்டவன்" கதை உடைவது இங்கேதான். ஒரு லட்சத்துக்கு 28,000-க்கும் மேல் பங்கு வேண்டும். பொதுமக்களிடம் இருந்ததே சுமார் 50,000. அதில் பாதிக்கு மேல் 3.53-க்குத் தூக்கிக் கொடுக்க யார் இருந்தார்கள்?

2024 ஜூன் 20 அன்று செபி ஒரு சுற்றறிக்கை விட்டது. புத்தக மதிப்பைவிடப் பல மடங்கு குறைவாகத் தொங்கும் முதலீட்டுக் கம்பெனிகளுக்கு, வேலி இல்லாத சிறப்பு ஏலம் நடத்தலாம் என்று. அக்டோபர் 29-ல் வேலியை எடுத்தவுடன் அதே சூத்திரம் 2,25,000 ரூபாயைக் கண்டுபிடித்தது. அதன்பின் வேலி திரும்ப வந்தது, 5 சதவீதம் ஏறி 2,36,250-ல் அன்றைய கூரையைத் தொட்டது. செய்திகள் இதை ஒரே நாளில் 66 லட்சம் சதவீத ஏற்றம் என்றன. எனக்கு அது ஏற்றமாகவே தெரியவில்லை. காணாமல்போயிருந்த விலை அன்றுதான் கிடைத்தது.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. இந்தச் சிறப்பு ஏலம் செல்லுபடியாக, வாங்கும் பக்கம் ஐந்து, விற்கும் பக்கம் ஐந்து என வெவ்வேறு பான் எண் இருந்தால் போதும். பத்துப் பேர் ஒத்துக்கொண்டாலே விலை. எம்ஆர்எஃப்புக்குத் தினமும் ஆயிரக்கணக்கான பங்குகள் கைமாறிப் பிறக்கும் விலையையும் இதையும் ஒரே பட்டியலில் வைத்து "யார் பெரியவர்" என்று கேட்பதில் அர்த்தம் குறைவு.

நாளைக் காலை 9.08-க்குத் திரையைப் பார்த்தால், விலைக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணிக்கையையும் ஒரு தடவை பாருங்கள். எத்தனை பங்குக்கு அந்த விலை பிறந்தது என்பதை அதுதான் சொல்லும்.