பைண்டிங் முதலில், பக்கம் பிறகு

தமிழில் சிறு நூல்கள் அச்சாகும் முறையில் ஒரு தலைகீழ் வழக்கம் இருக்கிறது. பக்கங்களை வடிவமைத்து, மெய்ப்புத் திருத்தி, அட்டையும் முடிந்த பிறகுதான் அச்சகத்தார் கேட்பார்: "சென்டர் பின்னா, ஸ்பைரலா, பெர்ஃபெக்டா?" கையிலிருக்கும் பணத்தைப் பார்த்து ஒரு பதில் சொல்லப்படும். வரிகள் புத்தகத்தின் நடுப்பள்ளத்துக்குள் எவ்வளவு தூரம் போய் விழப்போகின்றன என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்கிறது. அதற்கேற்ப உள் ஓரத்தைக் கூட்டவோ குறைக்கவோ அப்போது யாருக்கும் பொறுமை இருக்காது.

இந்த மூன்று முறைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட 96 பக்க நூல் பொருத்தமான அளவு. பின் அடித்தாலும் ஓரளவு நிற்கும், கோந்து ஒட்டினாலும் ஓரளவு நிற்கும். எதற்கும் முழுப் பொருத்தமில்லாத எல்லைக்கோட்டு நூல் அது. அளவு ஏ5, அதாவது 148 மிமீ அகலம். தாள் 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ. ஒரு தாளின் தடிமனை 0.1 மிமீ என்று வைத்துக்கொள்வோம். எழுத்துப் பகுதியின் அகலம் 108 மிமீ. மிச்சமிருக்கும் 40 மில்லிமீட்டரை உள்ளுக்கும் வெளிக்கும் எப்படிப் பிரிப்பது என்பதுதான் கேள்வி.

சென்டர் பின்னில் நான்கு பக்கங்கள் கொண்ட தாளை நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மடிப்பின் மேலேயே இரண்டு பின் அடிக்கிறார்கள். 96 பக்கத்துக்கு 24 தாள். இதன் பெரிய நற்குணம், புத்தகம் மடிப்பு வரை விரிவது. ஆகவே உள் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகிற இடம் ஏறக்குறைய இல்லை. உள்ளே 18, வெளியே 22 என்று பிரித்தால் திறந்த புத்தகம் அழகாக இருக்கும். இரண்டு உள் ஓரங்களும் சேர்ந்து நடுவில் ஒரே வெள்ளைப் பட்டையாகத் தெரிவதால், வெளி ஓரத்தைவிட உள் ஓரம் சிறிதாக இருப்பதே இங்கே சரி.

சிக்கல் எதிர்முனையில் வரும். ஒவ்வொரு தாளும் தனக்கு வெளியே இருக்கும் தாளின் தடிமன் அளவுக்கு முன்னால் தள்ளப்படுகிறது. 24 தாள் என்றால் நடுத்தாள் சுமார் 2.3 மிமீ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அட்டையின் தடிமன் இதில் சேரவில்லை. கட்டிங் மெஷின் அந்த நீட்டலை ஒரே கோட்டில் வெட்டிவிடும்போது, முதல் தாளின் பக்கம் 148 மிமீ அகலமும் நடுத்தாளின் பக்கம் 146-க்கும் குறைவான அகலமும் கொண்டதாகிவிடுகின்றன. பக்க எண்ணை வெளி ஓரத்தில், விளிம்பிலிருந்து 6 மிமீ தள்ளி வைத்திருந்தால் நடுப் பக்கங்களில் அது நான்கு மில்லிமீட்டருக்கும் உள்ளாக வந்துவிடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: புத்தகத்தைக் கட்டைவிரலால் சரசரவென்று புரட்டுங்கள், பக்க எண் விளிம்பை நோக்கி நகர்ந்து, நடுவைத் தாண்டியதும் திரும்பிப் போவது தெரியும். தாளுக்கு 0.1 மிமீ வீதம் உள்பக்கங்களை முதுகை நோக்கி நகர்த்துவதுதான் தீர்வு. பக்கங்களை அச்சுத் தாளில் அடுக்கித் தரும் மென்பொருள்களில் `Creep` என்ற பெட்டி இதற்காகவே இருக்கிறது. அப்படிச் செய்தால் நடுப் பக்கங்களில் உள் ஓரம் 18-லிருந்து 15.7 ஆகக் குறையும். நன்றாக விரியும் இடம் என்பதால் அது உறுத்தாது.

ஆனால் இத்தனை சரிசெய்தாலும் 96 பக்கம் சென்டர் பின்னுக்கு அதிகம்தான். புத்தகம் வாயை மூடாமல் நிற்கும். முதுகு இல்லாததால் தலைப்பு அச்சிட இடமில்லை. நூலக அலமாரியில் நுழைந்ததும் காணாமல் போகும். 64 பக்கம் வரை நான் தயங்காமல் சென்டர் பின்தான் சொல்வேன். அதற்கு மேல் தாள் மெலிதாக இருந்தால் மட்டுமே.

முதுகிலிருந்து சற்றுத் தள்ளி மேலிருந்து கீழாகக் குத்தும் சைடு பின் வேறு கதை. பின்னுக்கு அப்பால் தாள் விரியவே விரியாது. பின் 6 மில்லிமீட்டரில் இருந்தால், வளைவையும் சேர்த்துப் பத்து மிமீயாவது போய்விடும். வினா-விடை வங்கிகளுக்கு அது போதும்; நிதானமாகப் படிக்க வேண்டிய நூலுக்கு வேண்டாம்.

ஸ்பைரல் வேறு வகையான இடத்தைக் கேட்கிறது. இங்கே வளைவு கிடையாது, தாள் முழுதாகத் திரும்பிப் பின்னால் போய்விடும். கீர்த்தனை சுரக்குறிப்பை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வீணை வாசிப்பவருக்கு இதைவிட நல்ல பைண்டிங் இல்லை. ஆனால் துளைகள் விளிம்பிலிருந்து ஏறக்குறைய 3 மில்லிமீட்டரில் தொடங்கி 7-இல் முடிகின்றன. உள் ஓரத்தில் முதல் 7 மிமீ நம்முடையதல்ல. துளைக்கும் எழுத்துக்கும் இடையே குறைந்தது 10 மிமீ வெள்ளை விட்டால்தான் சுருள் வரியின் மேல் ஏறி உட்கார்ந்ததுபோல் தெரியாது. எனவே உள்ளே 20, வெளியே 20. துளைக்கு நெருக்கமாக எழுத்து ஓடினால் படிப்பதற்குத் தொல்லை. துளை விளிம்புக்கு நெருக்கமாக இருந்தால் ஓரிரு மாதத்தில் தாள் கிழிந்து வரும். இரண்டு பக்கத்திலும் பரவி நிற்கும் படமோ அட்டவணையோ இருந்தால் ஸ்பைரலைத் தவிர்க்க வேண்டும். சுருளின் சாய்வால் ஒரு பக்கம் மற்றதைவிடச் சற்று மேலேறி நிற்கும், கோடுகள் சேராது.

ஸ்பைரல் போடுகிறவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிற பிழை ஒன்று உண்டு. அண்ணா பல்கலைக்கழக ஆய்வேட்டு வழிகாட்டி இடப்பக்கம் 35 முதல் 40 மிமீ, வலப்பக்கம் 20 முதல் 25 மிமீ ஓரம் கேட்கிறது. தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிடும்போது அது சரியான கணக்கு. அதே கோப்பை ஜெராக்ஸ் கடையில் இருபுறமும் அச்சிடச் சொன்னால், பின்பக்கத்தில் அகலமான ஓரம் வெளியே போய், குறுகிய ஓரம் துளைப்பக்கம் வந்து நிற்கும். வேர்டில் `Mirror margins` என்பதைத் தேர்ந்தெடுத்தால் தீர்கிற விஷயம் இது.

பெர்ஃபெக்ட் என்கிற கோந்து பைண்டிங்தான் மூன்றில் அதிகம் விரும்பப்படுவது, அதிகம் தவறாகச் செய்யப்படுவதும் அதுவே. தாள்களை அடுக்கி, முதுகுப்பக்கம் சுமார் 3 மிமீ சீவி, சொரசொரப்பாக்கி, சூடான கோந்து தடவி, அட்டையை ஒட்டுகிறார்கள். இதில் உள் ஓரம் மூன்று இடங்களில் தேய்கிறது. முதலாவது அந்தச் சீவல். பக்கங்களை அடுக்கும்போதே முதுகுப்பக்கம் 3 மிமீ கூடுதலாக விட்டிருந்தால் பாதகமில்லை. குறைந்த பிரதிகள் போடும் டிஜிட்டல் அச்சில் பலர் அதை விடுவதில்லை. சீவல் நம் ஓரத்திலிருந்தே போகிறது. இரண்டாவது வளைவு. தாள் முதுகில் செங்குத்தாக நின்று, பிறகு வளைந்துதான் படுக்கிறது. எங்கள் 96 பக்க நூலில் அந்த வளைவு 5, 6 மில்லிமீட்டரை விழுங்கும். நூல் தடிக்கத் தடிக்க இது கூடும். மூன்றாவது, அட்டையின் உள்பக்கம் முதல் தாளிலும் கடைசித் தாளிலும் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒட்டிக்கொள்வது. முதல் பக்கத்தில் நட்டநடுவே வைத்த தலைப்பு, புத்தகம் கைக்கு வந்ததும் முதுகுப்பக்கம் ஒதுங்கித் தெரிவது இதனால்தான்.

ஆக, சென்டர் பின்னுக்குப் பொருந்திய 18 மிமீ உள் ஓரம், கோந்தில் கண்ணுக்கு 9, 10 ஆகத்தான் தெரியும். இங்கே 24 உள்ளே, 16 வெளியே என்று மாற்ற வேண்டும். வெளியே 16-க்குக் கீழே போனால் புத்தகத்தைப் பிடிக்கிற கட்டைவிரல் எழுத்தை மறைக்கும். அதற்கும் மேல் உள் ஓரம் வேண்டுமென்றால் வரியின் நீளத்தைத்தான் குறைக்க வேண்டும். தமிழில் அது சும்மா வராது. நம் சொற்கள் நீளமானவை. இருபுறமும் சமன் செய்த குறுகிய வரியில் சொல்லிடை வெளிகள் பல் விழுந்த வாய்போல ஆகிவிடும். 108-ஐ 102 ஆக்கினால் 96 பக்கம் 102-ஐ நெருங்கும். அந்தக் கூடுதல் தாளை ஏற்றுக்கொள்வதே மேல் என்பேன்.

புத்தக வடிவமைப்பு படித்தவர்கள் யான் சிகோல்டின் கணக்கை நம்புவார்கள்: உள், மேல், வெளி, கீழ் ஓரங்கள் 2:3:4:6 என்ற விகிதத்தில். இடைக்காலக் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்து அவர் கண்டெடுத்த விகிதம் அது. அழகானதுதான். ஆனால் அவை நூலால் தைத்து, நன்றாக விரியும் ஏடுகள். அதே கணக்கை 148 மிமீ அகலத்தில் பொருத்தினால் உள் ஓரம் 16, வெளி ஓரம் 33 வரும். கோந்து ஒட்டியபின் அந்த 16-இல் 8 மிமீகூடக் கண்ணில் படாது. இன்னொரு முனையில், அமேசான் கேடிபி தன் விதியில் 150 பக்கம் வரையிலான நூலுக்கு 9.6 மிமீ, 300 பக்கம் வரை 12.7 மிமீ உள் ஓரம் போதும் என்கிறது. கோப்பை ஏற்றுக்கொள்வதற்கான குறைந்த அளவு அது. படிப்பதற்கான அளவு என்று எடுத்துக்கொண்டு சுயமாக நூல் போடுகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

உள் ஓரக் குறைவைப் படிப்புத் தொல்லை என்று மட்டும் நினைப்பது போதாது. வரியின் கடைசி எழுத்து தெரியாதபோது வாசகர் என்ன செய்கிறார்? புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தி விரிக்கிறார். ஜெராக்ஸ் எடுப்பவர் கண்ணாடிமேல் வைத்து உள்ளங்கையால் அமுக்குகிறார். முதுகில் குறுக்கே வெடிப்பு விழுகிறது, வெடித்த இடத்தில் தாள் ஒவ்வொன்றாகக் கழன்று வருகிறது. பழி கோந்தின் மேல் போகிறது. மட்டமான கோந்தும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கழன்ற தாளை எடுத்து, எழுத்திலிருந்து உள்விளிம்பு வரை அளந்து பாருங்கள். 15 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பாதிக் குற்றம் பக்கம் வடிவமைத்தவருடையது. தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓடாமல் குறுக்காக ஓடினாலும் இதே விளைவுதான்: தாள் விறைப்பாக நிற்கும், வாசகர் மேலும் அழுத்துவார். தாளை நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை மெல்ல வளைத்தால் எந்தப் பக்கம் இழை ஓடுகிறது என்று கை சொல்லிவிடும்.

அப்படியானால் அந்த 96 பக்க நூலுக்கு எது? பாடமாகவோ பயிற்சியாகவோ மேசையில் விரித்து வைத்துப் பயன்படுத்துவது என்றால் ஸ்பைரல். படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கிற கவிதைத் தொகுப்பு என்றால், 70 ஜிஎஸ்எம் தாளில், முடிந்தால் சில பக்கங்களைக் குறைத்து, சென்டர் பின். புத்தகக் கண்காட்சியில் முதுகு தெரிய அடுக்க வேண்டும், நூலகத்துக்குப் போக வேண்டும் என்றால் கோந்துதான். ஆனால் 24 மிமீ உள் ஓரத்தோடு. எங்கள் கணக்கில் அதன் முதுகு 5 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. அதில் தலைப்பு சிறிய எழுத்தில்தான் ஏறும், கட்டிங் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் அட்டைக்கு வழிந்துவிடும் என்பதையும் தெரிந்துகொண்டே எடுக்கிற முடிவாக இருக்கட்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பக்கம் வடிவமைக்கத் தொடங்கும் முன் அச்சகத்தாரிடம் அதே தாளில், அதே பக்க எண்ணிக்கையில், அச்சில்லாத ஒரு டம்மி பைண்ட் செய்து தரச் சொல்லுங்கள். நடுவில் திறந்து, அழுத்தாமல் விட்டு, பென்சிலால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தின் எல்லையைக் கோடிட்டு, பிறகு தாளைக் கிழித்தெடுத்து விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். கிடைக்கிற எண்ணோடு 12 மிமீ கூட்டினால் உங்கள் நூலுக்கான குறைந்தபட்ச உள் ஓரம் வந்துவிடும்.