வலிக்காது என்று பாடாதீர்கள்

காதுகுத்தைப் பாட நினைக்கும் எவரும் பெரியாழ்வாரிடம்தான் போய்ச் சேரவேண்டும். பிள்ளைத்தமிழின் வழக்கமான பத்துப் பருவங்களில் காதுகுத்து இல்லை, முடியிறக்கமும் இல்லை. பிள்ளைத்தமிழுக்கு முன்னோடியான பெரியாழ்வார் திருமொழியிலோ காதுகுத்துக்கென்றே ஒரு பதிகம் இருக்கிறது. இரண்டாம் பத்தின் மூன்றாம் திருமொழி. கேசவன் தொடங்கித் தாமோதரன் வரை, பாட்டுக்கு ஒரு பெயராகப் பன்னிரண்டு பெயர் சொல்லி யசோதை மகனை அழைக்கிறாள்.

பக்தியின் கண்ணோடு இதைப் பலர் படித்திருக்கிறார்கள். நான் வீட்டுக் கணக்கோடு படிக்கிறேன். முதல் பாட்டிலேயே தகப்பன் வந்து சேரவில்லை. ஆயர்பாடிப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். வெற்றிலை பாக்கை அவளே எடுத்து வைத்திருக்கிறாள். அடுத்த பாட்டில், எரியாமல் திரியிடுவேன் என்று வாக்குக் கொடுக்கிறாள். பிள்ளை நம்பவில்லை. இட்ட கடிப்பைப் பறித்து எறிகிறான். பெரிய அப்பம் தருகிறேன் என்று பேரம் பேசுகிறாள். பிறகுதான் உண்மை வருகிறது: காது வீங்கி எரியுமே, தலை நோகுமே என்று பயந்து முன்பே குத்தாமல் விட்டேன், அது என் குற்றம்தான் என்கிறாள். வலியைப் பற்றிய பொய்யும் அந்தப் பொய் உடைவதும் ஒரே பதிகத்தில் இருக்கின்றன. ஆண் ஒருவர் தாயின் குரலில் பாடியது இது. ஆனாலும் தாய்மீது வந்து விழும் பழியை அவர் மறைக்கவில்லை.

நாவலூரில் எங்கள் அடுக்ககத்தில் ஒரு இளம் தாய், மகளின் காதுகுத்துக்குப் பாட வைத்திருந்த பாட்டைக் காட்டினார். எட்டு வரி. வலிக்காது செல்லமே என்று தொடங்கி, மாமன் சீரையும் மோதிரத்தையும் நான்கு வரியில் எண்ணி, மகராசன் கைபிடித்து மஞ்சள் குங்குமத்தோடு வாழ்க என்று முடிந்தது. ஒரு வயதுப் பிள்ளைக்கு அதற்குள் மாப்பிள்ளை! பெற்றவளும் அதில் இல்லை, ஊசி பிடிக்கும் ஆசாரியும் இல்லை. வலிக்கப்போகிற காதுகூட இல்லை.

இருவரும் உட்கார்ந்து வேறொன்று எழுதினோம். எழுதும் முன் சடங்கின் நேரத்தைப் பார்த்தோம். குத்துவது நொடி வேலை. சிக்கல் இரண்டு காதுகளுக்கும் இடையில். முதல் காதுக்குக் குழந்தை ஏமாந்து உட்கார்ந்திருக்கும். இரண்டாவதற்கு அதற்கு எல்லாம் தெரிந்துவிடும், தலையைத் திருப்பும். அந்த நேரம் கூட்டமாகப் பாடினால் மிரட்சிதான் கூடும். ஆகவே பாட்டை இரண்டாக வெட்டினோம். முன்பாதி ஊசிக்கு முன். இடையில் தாயின் குரல் மட்டும், பெயர் சொல்லி. பின்பாதி இரண்டாம் காது முடிந்த பிறகு.

கண்ணே வா, மாமன் மடியில் உட்காரு,
கம்மல் ரெண்டும் காத்திருக்கு பாரு.
கொஞ்சம் வலிக்கும், கூவி அழுதுக்கோ,
அம்மா விரலை அழுத்திப் பிடிச்சுக்கோ.

ஒத்தக் காதும் ஆச்சு, மறுகாதும் ஆச்சு,
ஊசி பிடிச்ச கையும் நல்லா இருக்கட்டும்.
நல்ல சொல்லு நாலு காதில் விழட்டும்,
பொல்லாத சொல்லு பொட்டுனு உதிரட்டும்.

மாமன் இருக்கிறார், ஆனால் மடியாக மட்டும், சீர் இல்லை. 'அழாதே' என்பதை எடுத்துவிட்டோம். அழக்கூடாது என்பதைப் பெண் குழந்தைக்கு முதல் பாடமாகக் கொடுக்க இருவருக்கும் மனமில்லை. வாழ்த்தைக் காதோடு நிறுத்தினோம். கல்யாணம் வரை இழுத்துப் போகவில்லை. மெட்டு தாலாட்டின் மெட்டுதான்; 'உட்காரு', 'பாரு' என்ற ஈற்று உகரத்தை நீட்டினால் பாட்டிகளும் சேர்ந்துகொள்ள முடியும். கடைசி வரியில் 'பொட்டுனு' அவருடைய சொல். நான் 'உதிர்ந்து போகட்டும்' என்று எழுதியிருந்தேன், அவருடையதே மேல்.

இதே பாட்டை மொட்டைக்கும் பாடலாமா என்று கேட்டார். திருப்போரூர் முருகனுக்கு முடி நேர்ந்திருக்கிறார்கள். முடியாது என்றேன். சவரக்கத்தி தலைமேல் பல நிமிடம் ஓடும். கூவி அழச்சொன்னால் தலை ஆடும், கத்தி பட்டுவிடும். அங்கே கைதட்டலும் ஆகாது, சத்தம் வந்த பக்கம் பிள்ளை திரும்பும். நேர் எதிரே ஒருவர் மட்டும் தணிந்த குரலில், ஒரே சீராக, முடிவில்லாமல் சுற்றி வரும் இரண்டு வரி போதும்:

குனிஞ்சிரு கண்ணே, கூந்தல் மறுபடி வளரும்,
குளிர்ந்த சந்தனம் கொஞ்ச நேரத்தில் வரும்.

'கூந்தல்' என்ற சொல் மகனுக்குப் பொருந்துமா என்று அவர் மாமியார் கேட்டாராம். பொருந்தும் என்று சொல்லி அனுப்பினேன்.