பட்டுப்பாதையில் சிரியாக் திருச்சபை

பாரசீகத்தின் சசானியப் பேரரசுக்குள் வாழ்ந்த கிறிஸ்தவர்கள் சிரியாக் மொழியில் வழிபட்டார்கள். அவர்களுடைய தலைமைப் பீடம் டைக்ரிஸ் நதிக்கரையில் தலைநகரமாயிருந்த செலூசியா-டெசிபோனில் இருந்தது. 424ஆம் ஆண்டில் கூடிய சங்கம், மேற்கே ரோமப் பேரரசிலுள்ள எந்த ஆயருக்கும் தங்கள் சபை கட்டுப்பட்டதல்ல என்று முடிவு செய்தது. வரலாற்றில் இந்தச் சபைக்குக் கிழக்குத் திருச்சபை என்று பெயர். ‘நெஸ்டோரியர்’ என்பது எதிரணியினர் சூட்டிய பெயர். அறிஞர்கள் இன்று அதைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். மேற்கே ரோம அரசின் சபை வழியை அடைத்து நின்றதால், இந்தச் சபை வளர வேண்டுமானால் கிழக்கே போயாக வேண்டும். கிழக்கே போகும் பாதைகளோ வணிகர்களின் கையில் இருந்தன.

அந்த வணிகர்களில் முதன்மையானவர்கள் சமர்கண்ட் வட்டாரத்துச் சோக்தியர்கள். பட்டும் கஸ்தூரியும் சுமந்த அவர்களுடைய ஒட்டக வரிசைகள் மெர்வ், சமர்கண்ட், துர்பான் வழியாகச் சீனத்துக்குள் சென்றன. குருவும் துறவியும் அந்த வரிசைகளோடு சேர்ந்து பயணம் செய்தார்கள். வழியில் வணிகர் குடியிருப்பு உள்ள ஊர்களில் ஆலயம் எழுந்தது. ஊர் பெரிதானால் ஆயர் வந்தார், வட்டாரம் முழுவதற்கும் ஒரு பேராயர் அமர்ந்தார். படைபலமோ தங்களுக்கென்று ஓர் அரசோ இல்லாமல் இத்தனை தொலைவு பரவிய சபை அக்காலத்தில் வேறெதுவும் இல்லை.

635இல் அலோபென் என்னும் துறவி டாங் பேரரசின் தலைநகரமான சாங்-ஆனை அடைந்தார். பேரரசர் தைசோங் அவரை வரவேற்று, கொண்டுவந்த நூல்களைச் சீனத்தில் பெயர்க்கச் செய்தார். 638இல் அரசாணை பிறந்தது. நகரின் யீனிங் வட்டத்தில் இருபத்தொரு துறவிகள் தங்க மடம் ஒன்று அமைந்தது. இந்தச் செய்திகளைச் சொல்வது 781இல் நிறுவப்பட்ட ஒரு கல்வெட்டு. பல நூற்றாண்டுகள் மண்ணில் புதைந்து கிடந்த அது, 1620களில் சியான் நகருக்கு அருகே தோண்டி எடுக்கப்பட்டது. இன்று அந்நகரின் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஏறத்தாழ ஒன்பது அடி உயரமுள்ள அந்தக் கல்லின் உச்சியில், தாமரையின் மேல் அமர்ந்த சிலுவை செதுக்கப்பட்டிருக்கிறது. முகப்பில் சீன எழுத்துகள். அடியிலும் பக்கவாட்டிலும் சிரியாக் எழுத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட துறவிகள், குருக்களின் பெயர்கள். பெரும்பாலான பெயர்களுக்குப் பக்கத்திலேயே சீனப் பெயரும் உண்டு. வாசகத்தை இயற்றியவர் ஆதாம். சீனர்களுக்கு அவர் ஜிங்ஜிங். கல்லை நிறுத்தச் செலவழித்தவர் யஸ்த்போசித் என்ற குரு. இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பால்க் நகரத்திலிருந்து வந்த மிலிஸ் என்ற குருவின் மகன் அவர். ஆன் லூஷான் கலகத்தை அடக்கிய தளபதி குவோ ஸியீயின் படையில் பணியாற்றி, அரச பட்டங்கள் பெற்றவர். அவர் பசித்தவர்களுக்கு உணவளித்ததையும், நோயாளிகளைப் பேணியதையும், இறந்தவர்களை அடக்கம் செய்ததையும் கல்வெட்டு புகழ்ந்து சொல்கிறது. குருவின் மகன் குருவாவதும், குருவே அரச அதிகாரியாவதும் இந்தச் சபைக்கு இயல்பாயிருந்தன. அரசவையோடு அத்தனை நெருக்கமாக நின்றதுதான் அதன் பலம். பின்னாளில் அதன் கேடும் அதுவே.

கல்லின் தேதி வரியில் ஊன்றிப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ‘கிரேக்கர் ஆண்டு 1092’ என்று சிரியாக் பகுதி சொல்கிறது. 311ஐக் கழித்தால் 781 கிடைக்கும். முதுபெருந்தந்தை ஹனனீசோவின் காலத்தில் நிறுவப்பட்டது என்றும் அந்த வரி சொல்கிறது. ஆனால் ஹனனீசோ அதற்கு முன்பே இறந்துவிட்டார். 780இலேயே முதலாம் திமோத்தேயு அவருடைய இடத்துக்கு வந்துவிட்டார். அப்போது தலைமைப் பீடம் இருந்த பாக்தாதில் தலைவர் மாறிய செய்தி சாங்-ஆனுக்கு இன்னும் வந்து சேரவில்லை. தொலைவின் அளவைச் சொல்ல இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. சபையும் இந்தத் தொலைவை உணர்ந்தே விதி வகுத்தது: ஒன்பதாம் நூற்றாண்டில் சீனம், இந்தியா, சமர்கண்ட் பேராயர்கள் சங்கத்துக்கு நேரில் வரத் தேவையில்லை, ஆறு ஆண்டுக்கு ஒரு முறை கடிதம் அனுப்பினால் போதும் என்று ஏற்பாடாயிற்று. அந்த இந்தியக் கிளை கடல்வழியில் வளர்ந்தது. சென்னை பரங்கிமலைக் கோயிலில் பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்து பொறித்த சிலுவை அதன் தடயம்.

கல்வெட்டை இயற்றிய ஆதாம் தன் மடத்துக்குள் அடைந்து கிடந்தவர் அல்லர். 780களில், இந்தியாவிலிருந்து கடல்வழியாக வந்த பௌத்தத் துறவி பிரக்ஞரோடு சேர்ந்து ஒரு பௌத்த நூலைச் சீனத்தில் பெயர்த்தார். பிரக்ஞருக்கு அப்போது சீனம் தெரியாது, ஆதாமுக்குச் சமஸ்கிருதம் தெரியாது. மூல நூலும் மத்திய ஆசிய மொழியொன்றில் இருந்தது. பேரரசர் அந்தப் பெயர்ப்பை ஏற்கவில்லை. இரு மதத்தாரும் அவரவர் நூல்களோடு நிற்கட்டும் என்று ஆணையிட்டார். இதைப் பதிந்து வைத்தது பௌத்தர்களின் நூற்பட்டியல். கடுமையான குறிப்புதான், ஆனால் தலைநகரில் ஆதாம் எத்தனை பேர் அறிந்த அறிஞராயிருந்தார் என்பதும் அதிலிருந்தே தெரிகிறது.

845இல் பேரரசர் வூசோங் பௌத்த மடங்களை ஒடுக்கினார். அதே ஆணையில் கிறிஸ்தவர்களும் ஜொராஸ்டிரியர்களுமாக ஏறக்குறைய மூவாயிரம் துறவிகள் இல்லறத்துக்குத் திருப்பப்பட்டார்கள். அரசன் தந்ததை அரசனே எடுத்துக்கொண்டபோது, சீனத்துச் சபையிடம் தாக்குப்பிடிக்க வேறு பிடிமானம் இல்லை. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில், சீனம் சென்று திரும்பிய துறவி ஒருவர் அங்கே கிறிஸ்தவர்கள் அழிந்துபோனார்கள் என்று பாக்தாதில் நூலாசிரியர் இப்னு அல்-நதீமிடம் சொன்னார்.

மத்திய ஆசியாவிலும் புல்வெளி நாட்டிலும் கதை வேறு. அங்கே சபை வேரூன்றியது அரசாணையால் மட்டுமல்ல, மக்கள் மொழியாலும். துர்பானுக்கு வடக்கே புலாயிக் மடத்தின் இடிபாடுகளில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எடுத்த ஏடுகளில் சிரியாக்கோடு சோக்தியமும் பழைய உய்குர் துருக்கியும் இருக்கின்றன. வழிபாட்டு மொழி சிரியாக்காகவே நீடித்தது. வாசகங்களும் புனிதர் கதைகளும் உள்ளூர் மொழிக்கு வந்தன.

மங்கோலியாவின் கெராயித்துகள் மதம் மாறிய கதையைச் சிரியாக் வரலாற்றாசிரியர் பார் எபிரேயா எழுதியிருக்கிறார். பனியில் வழி தவறிய அவர்களுடைய அரசனுக்கு ஒரு புனிதர் தோன்றி வழிகாட்டினார். அதன்பின் அவன் தன் நாட்டிலிருந்த கிறிஸ்தவ வணிகர்களிடம் அவர்களுடைய மதத்தைப் பற்றிக் கேட்டறிந்தான். பிறகு மெர்வ் பேராயர் அப்தீசோவுக்கு ஆளனுப்பினான். அப்தீசோ சுமார் 1007இல் முதுபெருந்தந்தைக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சிக்கல் இருந்தது: இந்த மக்களுக்கு இறைச்சியும் பாலும் தவிர வேறு உணவில்லை, தவக்காலத்தில் இவர்கள் எதைத்தான் உண்பது? பதில் நடைமுறைக்கு ஒத்ததாயிருந்தது. இறைச்சியை விடட்டும், பாலைக் குடிக்கட்டும். கதையின் அற்புதங்களை ஒதுக்கிவைத்தாலும், வணிகன் முதலில், குரு பின்னர் என்ற வரிசையை அது சரியாகக் காட்டுகிறது. இந்தக் கெராயித்துக் குலத்தில் பிறந்த சொர்காக்தானி பேகியே குப்லாய் கானின் தாய்.

இன்றைய கிர்கிஸ்தானில், இசிக்-குல் ஏரிப் பகுதியில், 1885இல் கண்டெடுக்கப்பட்ட கல்லறைக் கற்கள் அச்சபையின் எளிய மக்களை நேரே காட்டுகின்றன. சிரியாக் எழுத்தில் சிரியாக்கும் துருக்கியும் கலந்த வாசகங்கள். கிரேக்கர் ஆண்டோடு புலி, முயல் என்று துருக்கியரின் பன்னிரு விலங்கு ஆண்டும் உண்டு. 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கற்கள் நடப்பட்டன. அவற்றில் சில, இறந்தவர் கொள்ளைநோயால் மாண்டார் என்று சொல்கின்றன. 2022இல் வெளியான மரபணு ஆய்வு, அங்கே புதைக்கப்பட்டவர்களில் மூவருடைய பற்களில் பிளேக் கிருமியைக் கண்டறிந்தது. வணிகப் பாதையில் நோயும் பயணித்தது. அந்தக் கல்லறைகளில் தேதியிட்ட கடைசிக் கற்கள் 1345ஆம் ஆண்டைச் சேர்ந்தவை.